பத்துச் சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு அகராதி வாங்குவது

என் மகள் ஏழாம் வகுப்பில் படித்தபோது, அணுவைப் பற்றி ஆங்கிலத்தில் இருந்த ஒரு பத்தியைத் தமிழில் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். அவள் எழுதியதில் ஒரு வாக்கியம்: "எலெக்ட்ரான் எதிர்மறைக் கட்டணம் கொண்டது." எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சோம்பலால் வந்த பிழை அல்ல அது. அவள் அகராதியை எடுத்து, பக்கம் புரட்டி, 'சார்ஜ்' என்ற சொல்லைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே இருந்ததைத்தான் எழுதியிருந்தாள். எங்கள் வீட்டில் அப்போது இருந்த ஆங்கிலம்–தமிழ் அகராதியில் அந்தச் சொல்லுக்கு எதிரே கட்டணம், குற்றச்சாட்டு, பொறுப்பு, சுமை, பாய்ந்து தாக்குதல் என்று ஐந்து சொற்கள் வெறும் காற்புள்ளியோடு வரிசையாக நின்றன. எது எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று ஒரு குறிப்பும் இல்லை. மின்னூட்டம் என்ற சொல்லே இல்லை. ஐந்தில் ஒன்றை எடுக்க வேண்டிய பிள்ளை முதலாவதை எடுத்துக்கொண்டாள்.

அந்த அகராதியின் அட்டையில் எத்தனை ஆயிரம் சொற்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் வாங்கியிருந்தேன். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அகராதி தேடுபவர்கள் முதலில் மறக்க வேண்டியது அந்த எண்ணைத்தான். பிள்ளைக்குத் தேவைப்படும் சொல் பெரும்பாலும் எல்லா அகராதிகளிலும் இருக்கும். அந்தச் சொல்லுக்கு எதிரே உள்ளதை அவளால் தானே படித்து, சரியான பொருளைப் பிரித்தெடுத்து, ஒரு வாக்கியத்தில் வைக்க முடிகிறதா என்பதில்தான் ஓர் அகராதிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது.

அடுத்த முறை வாங்கப் போவதற்கு முன்னால் இரண்டு வாரம் பொறுத்தேன். மகளும் ஐந்தாம் வகுப்பில் இருந்த மகனும் பாடம் படிக்கும்போது தடுக்கிய சொற்களை ஒரு தாளில் எழுதிவைக்கச் சொன்னேன். முப்பதுக்கு மேல் சேர்ந்தது. அதிலிருந்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் அகராதியைச் சோதிக்கும்படி பத்தைப் பொறுக்கினேன். 'சார்ஜ்' போலப் பல பொருள் உள்ள ஓர் ஆங்கிலச் சொல், 'அட்வைஸ்' போலப் பன்மை ஏற்காத ஒன்று, 'டிஸ்கஸ்' போல எந்தச் சொல்லோடு சேரும் என்பதில் பிழை வரக்கூடிய ஒரு வினை, ஓர் அறிவியல் சொல். தமிழில் 'கற்றான்' என்ற இறந்தகால வடிவம், 'ஆற்றில்' என்ற உருபு ஏற்ற பெயர், பழைய பொருளும் புதிய பொருளும் வேறாகிப்போன 'நாற்றம்', செய்யுளில் வந்த 'மடி', 'அரம்–அறம்' என்ற எழுத்துக் குழப்பம், அண்மைக் காலத்துச் சொல் ஒன்று. இந்தத் தாளோடு போய் ஒவ்வொரு அகராதியிலும் பத்தையும் தேடிப் பார்த்தேன். ஓர் அகராதிக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளையைக் கூட அழைத்துப் போய் அவளையே தேடவிட்டால் இன்னும் நல்லது. அவள் எங்கே திணறுகிறாள் என்பது கண்ணெதிரே தெரியும்.

ஆங்கிலத்துக்கு மூன்று வகை அகராதிகளுக்கிடையே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்று ஆங்கிலம்–தமிழ். இரண்டாவது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட பள்ளி அகராதி. மூன்றாவது, ஆங்கிலத்தை இன்னொரு மொழியாகக் கற்பவர்களுக்கென்று செய்யப்பட்ட கற்போர் அகராதி. கடைசி இரண்டும் ஆங்கிலம்–ஆங்கிலம் என்பதால் பெற்றோர் பலரும் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். வண்ணப் படமும் பெரிய எழுத்துமாக இருக்கும் பள்ளி அகராதியே பிள்ளைக்கு ஏற்றது என்று எடுத்துக்கொள்கிறார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் எடுத்தேன்.

ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளை 'அட்வைஸ்' என்ற சொல்லைப் பன்மையில் சொல்ல மாட்டாள். அவள் காதில் அது ஒருநாளும் அப்படி விழுந்ததில்லை. அவளுக்கு அந்தச் சொல்லின் பொருளும் எழுத்துக்கூட்டலும் சொன்னால் போதும். பள்ளி அகராதி அதைத்தான் செய்கிறது. நம் பிள்ளைக்கு அந்தக் கேள்விப் பழக்கம் இல்லை. ஓர் அறிவுரை, பல அறிவுரைகள் என்று தமிழில் சொல்வதுபோலவே ஆங்கிலத்திலும் சொல்லிவிடுவாள். கற்போர் அகராதி இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. சொல்லுக்குப் பக்கத்தில் 'எண்ண முடியாத பெயர்' என்பதற்கு ஒரு சிறு குறி இருக்கும். எடுத்துக்காட்டு வாக்கியத்தில் 'ஒரு துண்டு அறிவுரை' என்ற அமைப்பைக் காட்டும். 'டிஸ்கஸ்' என்ற வினையை எடுத்தால், அதற்குப் பின் 'அபவுட்' சேர்க்கக் கூடாது என்பதை எடுத்துக்காட்டிலேயே காணலாம்; சில அகராதிகள் தனிக் கட்டம் போட்டே எச்சரிக்கும். 'பற்றி' என்று நினைத்து நாம் எல்லோரும் சேர்த்துவிடுகிற சொல் அது.

இரண்டாவது வேறுபாடு பொருள் விளக்கத்தின் மொழி. கற்போர் அகராதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வங்காளத்தில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் 1935இல் வெளியிட்ட அகராதியில், விளக்கம் எழுதுவதற்குச் சுமார் 1,490 சொற்களை மட்டுமே பயன்படுத்துவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். அந்தச் சொற்கள் தெரிந்த பிள்ளைக்கு அகராதி முழுவதும் திறந்துகொள்ளும். 1978இல் வந்த லாங்மன் கற்போர் அகராதி ஏறக்குறைய 2,000 சொற்களால் எல்லாவற்றையும் விளக்கியது. 1987இல் வந்த கோபில்ட் அகராதி, துண்டு துண்டான விளக்கத்தை விட்டுவிட்டு, முழு வாக்கியத்திலேயே பொருளைச் சொன்னது: 'நீங்கள் ஒருவரிடம் இப்படிச் செய்தால், அதன் பொருள் இது' என்கிற நடை. என் மகனுக்கு அந்த நடைதான் ஒத்துவந்தது. மகளுக்கு அது நீட்டி முழக்குவதுபோல இருந்தது. சுருக்கமாகச் சொல்லும் ஆக்ஸ்போர்டு அகராதியைத்தான் அவள் கை தேடிப் போனது. இதில் பெற்றோர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் ஒரே சொல்லை இரண்டிலும் பிள்ளையைப் படிக்கவிட்டு, எது புரிந்தது என்று கேட்டால் போதும்.

விளக்கமொழி பிள்ளைக்கு எட்டுகிறதா என்று அறிய ஒரு வழி: ஏதேனும் ஐந்து சொற்களின் விளக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு விளக்கத்தில் தெரியாத சொல் ஒன்று இருந்தால் சமாளிப்பாள். இரண்டு மூன்று இருந்தால், அந்த விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னும் இரண்டு மூன்று இடம் புரட்ட வேண்டும். அதற்குள் பாடம் மறந்துபோகும். நான்காம் வகுப்புக்குக் கீழே உள்ள பெரும்பாலான பிள்ளைகள் இந்தச் சோதனையில் தேற மாட்டார்கள். அவர்களுக்குப் பட அகராதியும் பெற்றோர் வாய்ச்சொல்லும் போதும். ஆங்கிலம்–ஆங்கிலத்துக்கு அவசரம் இல்லை.

அப்படியானால் ஆங்கிலம்–தமிழ் வேண்டாமா என்றால், வேண்டும். ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பறவையின் பெயரோ நோயின் பெயரோ வந்தால் கற்போர் அகராதியின் இரண்டு வரி விளக்கத்தைவிட 'மரங்கொத்தி' என்ற ஒரே தமிழ்ச் சொல் பளிச்சென்று காரியத்தை முடித்துவிடும். பொருளாக உள்ளவற்றுக்கு இருமொழி அகராதி வேகமானது. கருத்தாக உள்ளவற்றுக்கும் வினைகளுக்கும் அது வழுக்குகிறது. வாங்கும்போது 'சார்ஜ்' போன்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். பொருள்களுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்து, ஒவ்வொன்றும் எந்தத் துறைக்கு உரியது என்று குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடராவது எடுத்துக்காட்டாகத் தந்திருந்தால் அது பயன்படும். காற்புள்ளி வரிசை மட்டும் இருந்தால் அடுத்த 'எதிர்மறைக் கட்டணம்' எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டியதுதான். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் சேர்த்துப் பொருள் தரும் அகராதிகளும் உண்டு. ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்ற வீட்டுக்கு நான் அந்த வகையைத்தான் சொல்வேன்; எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு.

தமிழ்–தமிழ் அகராதிக்கு வருகிறேன். எனக்கு இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. ஏனென்றால் பல வீடுகளில் இது கிடையவே கிடையாது. தமிழ் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் அகராதி எதற்கு என்று கேட்கிறார்கள். பிள்ளையின் கையில் ஒரு தமிழ் அகராதியைக் கொடுத்து 'கற்றான்' என்ற சொல்லைத் தேடச் சொல்லிப் பாருங்கள். அவள் 'கற்' இருக்கும் பக்கத்துக்குப் போவாள். அங்கே கற்கண்டு இருக்கும், கற்பனை இருக்கும், கற்றான் இருக்காது. ஏனென்றால் அந்த வினையின் அடி 'கல்'. 'கல்' என்று தேடினால் முதலில் பாறைத் துண்டு வந்து நிற்கும். அதே எழுத்துள்ள இன்னொரு பதிவாகப் படிப்பது என்ற பொருள் வரும். 'ஆற்றில்' என்பதற்கு 'ஆறு' என்று தேட வேண்டும். அங்கே எண்ணும் நிற்கும், நதியும் நிற்கும், சூடு தணிவது என்ற வினையும் நிற்கும். 'நின்றாள்' என்றால் 'நில்'. 'பொற்குடம்' என்றால் முதலில் பொன்னையும் குடத்தையும் பிரிக்க வேண்டும். தமிழ் அகராதியைப் பயன்படுத்தத் தெரிவதும் சொல்லைப் பிரிக்கத் தெரிவதும் ஒன்றுதான். இலக்கண வகுப்பில் பகுதி, விகுதி, சந்தி என்று மனப்பாடம் செய்வது இங்கே கைவேலையாக மாறுகிறது.

இந்த இடத்தில்தான் அகராதிகள் வேறுபடுகின்றன. வினைச்சொல்லைத் தலைச்சொல்லாகப் போடுவதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று வினையடியைப் போடுவது: கல், கேள், நில், வா. மற்றொன்று தொழிற்பெயராகப் போடுவது: கற்றல், கேட்டல், நிற்றல், வருதல். இரண்டாவது முறையில் 'கற்றான்' என்பதிலிருந்து 'கற்றல்' பிள்ளைக்கு எளிதாகக் கிடைத்துவிடும். ஆனால் 'வந்தான்' என்பதிலிருந்து 'வருதல்' கிடைக்காது. முதல் முறைக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும். பழகிவிட்டால் எல்லா வினைக்கும் ஒரே வழி. வினையடிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கற்க, கற்று' என்பதுபோல வடிவங்களையும் தந்திருந்தால், தான் தேடி வந்த சொல் இதுதான் என்று பிள்ளை உறுதி செய்துகொள்ளலாம். வாங்கும்முன் இதைப் பாருங்கள். கூடவே புள்ளியெழுத்து எங்கே வருகிறது என்பதையும் பாருங்கள்: 'அக்கா' முன்னே நிற்கிறதா, 'அகல்' முன்னே நிற்கிறதா? ஜ, ஸ, ஹ போன்ற எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் எங்கே இருக்கின்றன? வீட்டில் எல்லோரும் ஒருமுறை பார்த்துவைத்துக்கொண்டால், 'இந்த அகராதியில் இந்தச் சொல்லே இல்லை' என்ற பொய்க் குறை வராது.

அடுத்தது காலம். தற்காலத் தமிழுக்கான அகராதியும் பழைய இலக்கியச் சொற்களைத் தரும் அகராதியும் வெவ்வேறு வேலை செய்கின்றன. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தது. விரிவாக்கப்பட்ட பதிப்புகள் 2008இலும் 2020இலும் வந்தன. இன்று எழுதப்படும் தமிழை அடிப்படையாகக் கொண்டு, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு, ஒரு சொல் பேச்சு வழக்கா, உயர் வழக்கா, இலங்கை வழக்கா என்ற குறிப்புகளோடு செய்யப்பட்டது அது. பிள்ளை கட்டுரை எழுதும்போது, செய்தித்தாள் படிக்கும்போது, இதற்கு இணையாக வேறொன்றை நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் செய்யுள் பகுதிக்கு வரும்போது இந்த வகை அகராதி கைவிட்டுவிடும். குறளில் 'மடி' என்பது சோம்பல். தற்கால அகராதியில் குழந்தையை உட்காரவைக்கும் மடி, துணியை மடிப்பது போன்ற பொருள்கள்தான் கிடைக்கும். மொட்டுக்குள் இருக்கும் 'நாற்றம்' என்று குறள் சொல்வது மணத்தை. இன்று நாம் அந்தச் சொல்லைச் சொல்லி மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். தற்காலப் பொருளை மட்டும் பார்க்கும் பிள்ளைக்குக் குறள் தலைகீழாகப் புரியும்.

மறுபக்கம், பழஞ்சொற்களை அள்ளித் தரும் பெரிய அகராதியை முதலில் வாங்கினால் வேறு தொல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, 1939இல் பின்னிணைப்பும் பெற்றது. அதற்கு நிகரான உழைப்பு தமிழில் குறைவு. அதில் ஒரு சிறு சொல்லுக்கு இருபது பொருள்கூட வரிசையாக வரும்; எது இன்றையது, எது ஒரே ஒரு பாட்டில் வந்தது என்று பிள்ளைக்குத் தெரியாது. அது இணையத்தில் படிக்கக் கிடைப்பதால் வீட்டு அலமாரியில் இடம் தேவையில்லை. என் முடிவு இது: தற்கால அகராதி ஒன்றைப் புத்தகமாக வாங்குவது, செய்யுளுக்குப் பாடநூலிலேயே உள்ள சொற்பொருளைப் பார்ப்பது, அதுவும் போதாதபோது லெக்சிகனைப் பெற்றோர் உடனிருந்து திரையில் பார்ப்பது.

தமிழ்–தமிழ் அகராதிகளில் மலிவான சிலவற்றுக்கு ஒரு நோய் உண்டு. அதைக் கண்டுபிடிக்க 'உவகை' என்று தேடினேன். 'மகிழ்ச்சி' என்று இருந்தது. 'மகிழ்ச்சி' என்று தேடினேன். 'உவகை, களிப்பு' என்று இருந்தது. 'களிப்பு' என்றால் 'மகிழ்ச்சி'. இரண்டு மூன்று அடி எடுத்து வைத்ததும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டேன். இப்படிச் சுற்றவிடும் புத்தகத்தை அகராதி என்று சொல்வதைவிட மாற்றுச்சொல் பட்டியல் என்று சொல்வதுதான் சரி. நல்ல அகராதி எங்கேயாவது ஓர் இடத்தில் நின்று, 'விரும்பியது கிடைக்கும்போதோ நல்லது நடக்கும்போதோ ஏற்படும் உணர்வு' என்பதுபோலச் சொந்த வாக்கியத்தில் விளக்கம் சொல்லும். கடையில் இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

மாற்றுச்சொல் பட்டியல் என்றதும் சொற்களஞ்சியத்துக்கு வந்துவிட்டோம். நமக்கு இது புதிதல்ல. திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி என்ற நிகண்டுகள் எல்லாம் ஒரு பொருளுக்குரிய பல சொற்களைச் செய்யுளாகக் கட்டி மனப்பாடத்துக்குத் தந்தவைதான். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைச் செய்தபோது அதை நான்காகப் பிரித்தார்: பெயர் அகராதி சொல்லுக்குப் பொருள் சொன்னது, பொருள் அகராதி ஒரு பொருளுக்கு என்னென்ன சொற்கள் என்று சொன்னது, தொகை அகராதி அறுசுவை, ஐம்பூதம் போன்ற தொகைகளை விரித்தது, தொடை அகராதி எதுகைக்கு உதவியது. வீட்டு நூலடுக்கில் என்னென்ன இருக்க வேண்டும் என்று இன்று யோசித்தாலும் முதல் மூன்றும் அப்படியே வருகின்றன: அகராதி, சொற்களஞ்சியம், தகவல் நூல்.

ஆங்கிலச் சொற்களஞ்சியத்தில் இரண்டு அமைப்புகள் உண்டு. பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல் வெளியிட்டது கருத்து வரிசையில் அமைந்தது. உலகத்துக் கருத்துகளையெல்லாம் ஆறு பெரும்பிரிவாக்கி, அவற்றின் கீழே ஆயிரம் தலைப்புகள் வைத்தார். அதைப் பயன்படுத்த முதலில் பின்னால் உள்ள சொல்லடைவில் தேடி, எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு அந்த எண்ணுக்குப் போக வேண்டும். எதிர்க்கருத்து பக்கத்திலேயே இருப்பதால் எழுதிப் பழகியவர்களுக்கு அது பெரிய சுரங்கம். பள்ளிப் பிள்ளை இரண்டாவது அடிக்கு முன்பே மூடிவைத்துவிடுவாள். அவளுக்கு அகரவரிசையில் நேராகச் சொல்லைத் தேடும் வகைதான் சரி. அதிலும், ஒவ்வொரு மாற்றுச்சொல்லுக்கும் ஒரு வாக்கியம் தரும் மாணவர் பதிப்பு வேண்டும். ஒரு சொல்லுக்கு நாற்பது மாற்றுச்சொற்கள் தருவதைவிட, ஆறு தந்து ஆறுக்கும் வேறுபாடு சொல்வது மேல்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், மகன் ஒருமுறை யானையைப் பற்றிக் கட்டுரை எழுதினான். 'யானை' என்ற சொல்லே திரும்பத் திரும்ப வருகிறதே என்று, ஒரு பட்டியலைப் பார்த்து மாற்றினான். வேழம், கரி, களிறு, பிடி என்று அதில் இருந்தது. "களிறு குட்டி ஈன்றது" என்று அழகான கையெழுத்தில் எழுதிவைத்திருந்தான். களிறு ஆண் யானை, பிடிதான் பெண். பட்டியல் இதைச் சொல்லவில்லை. இதே போல 'சொல்' என்பதற்கு கூறு, உரை, பகர், இயம்பு, நவில், விளம்பு என்று வரும் பட்டியலிலிருந்து எடுத்து, "அண்ணன் என்னிடம் பகர்ந்தான்" என்று நண்பனுக்குக் கடிதம் எழுதும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பகர்தல் செய்யுளுக்கு உரியது. கடிதத்தில் அது தொண்டையில் சிக்கும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்தோம்: சொற்களஞ்சியத்தில் எடுத்த சொல்லை அகராதியில் ஒருமுறை பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். அகராதியில் 'உயர் வழக்கு' என்ற குறிப்பு இருந்தால் கடிதத்தில் வேண்டாம்.

இதிலிருந்து வாங்கும் வரிசையும் தெளிவாகிறது. அகராதி இல்லாத வீட்டுக்குச் சொற்களஞ்சியம் வாங்கக் கூடாது. பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்து, தானாகவே 'இந்தச் சொல் மூன்று முறை வந்துவிட்டது' என்று சொல்லத் தொடங்கும்போது வாங்கினால் போதும்.

தகவல் நூல்களில் நான் இடம் ஒதுக்கும் முதல் நூல் நிலப்படத் தொகுப்பு. அகராதி பழையதாக இருந்தாலும் பத்து ஆண்டு ஓடும். நிலப்படம் அப்படி அல்ல. அச்சிட்ட ஆண்டை முகப்பில் புதிதாகப் போட்டுவிட்டு உள்ளே பழைய படத்தையே வைத்திருக்கும் நூல்கள் உண்டு. கண்டுபிடிக்க மூன்று இடம் பார்க்கலாம். ஆப்பிரிக்காவில் தென் சூடான் தனி நாடாக இருக்கிறதா? அது 2011இல் பிரிந்தது. அதே கண்டத்தின் தெற்கே சுவாசிலாந்து என்று இருக்கிறதா, எஸ்வாத்தினி என்று இருக்கிறதா? பெயர் மாறியது 2018இல். பால்கன் பகுதியில் வட மாசிடோனியா என்று இருக்கிறதா? அது 2019. மூன்றும் சரியாக இருந்தால் படம் உண்மையிலேயே திருத்தப்பட்டது. பிறகு கடைசிப் பக்கங்களுக்குப் போய் ஊர்ப்பெயர் அடைவைப் பாருங்கள். பெயருக்கு எதிரே பக்க எண்ணும் கட்ட எண்ணும் இருக்க வேண்டும். பிள்ளையிடம் ஒரு நகரத்தின் பெயரைச் சொல்லி, அடைவில் தேடி, பக்கம் திருப்பி, கட்டத்துக்குள் விரல் வைக்கச் சொல்லுங்கள். அடைவே இல்லாத நிலப்படத் தொகுப்பு, அகரவரிசை இல்லாத அகராதி மாதிரிதான்.

அறிவியல் தகவல் நூலுக்கும் இப்படி ஓர் இடம் உண்டு: தனிம வரிசை அட்டவணை. 113, 115, 117, 118 ஆகிய தனிமங்களின் பெயர்கள் 2016இல் ஏற்கப்பட்டன. 118ஆம் கட்டத்தில் ஓகனெசன் என்று இருந்தால் நூல் அதற்குப் பின் திருத்தப்பட்டது. அங்கே வெற்றிடமோ தற்காலிகப் பெயரோ இருந்தால் மற்றப் பக்கங்களையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

பல தொகுதிக் கலைக்களஞ்சியம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. பிரிட்டானிகாவே 32 தொகுதிகள் கொண்ட 2010ஆம் ஆண்டுப் பதிப்போடு அச்சை நிறுத்திக்கொள்வதாக 2012இல் அறிவித்துவிட்டது. தமிழில் பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்த கலைக்களஞ்சியமும் குழந்தைகள் கலைக்களஞ்சியமும் பத்துப் பத்துத் தொகுதிகள். இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. மழை எப்படிப் பெய்கிறது, தேனீ எப்படிக் கூடு கட்டுகிறது என்பதற்குக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் நடை இன்றும் இனிமையானது. மக்கள்தொகைக்கும் நாடுகளின் எல்லைக்கும் அதைப் பார்க்கக் கூடாது. அலமாரிக்கு ஒற்றைத் தொகுதிப் படக்களஞ்சியம் ஒன்று இருந்தால் நிறைவு. ஆண்டு நூல் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். தொகைச்சொல் விளக்க நூலும் பழமொழித் தொகுப்பும் மெலிந்த புத்தகங்கள். ஓரத்தில் இடம் பிடித்துக்கொள்ளும்.

கைபேசியில்தான் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். உச்சரிப்பைக் கேட்பதற்குக் கைபேசிதான் சிறந்தது. புத்தகம் அதைச் செய்ய முடியாது. ஆனால் தமிழ்ச் சொல்லைத் தேடும்போது கைபேசியில் 'கற்றான்' என்று அடித்தால், அந்த வடிவம் வந்த ஏதோ ஒரு பக்கத்தைத் தேடுபொறி நீட்டிவிடும். 'கல்' என்ற அடிவரை பிள்ளை நடந்து போக மாட்டாள். புத்தகத்தில் அந்த நடை தவிர்க்க முடியாதது. அதனால் எங்கள் வீட்டில் ஆங்கில உச்சரிப்பு கைபேசியில், தமிழ்ச் சொல் புத்தகத்தில்.

இனிப் புத்தகத்தின் உடல். அகராதியை நடுவில் திறந்து மேசைமேல் வையுங்கள். கையை எடுத்ததும் தானாக மூடிக்கொண்டால் பிள்ளை ஒரு கையால் புத்தகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுத வேண்டியிருக்கும். முதுகுப் பக்கம் மேலிருந்து பாருங்கள். தாள்கள் சிறுசிறு மடிப்புக் கற்றைகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் தையல் கட்டு. ஒரே பலகைபோல ஒட்டியிருந்தால் வெறும் பசைக்கட்டு, அடிக்கடி புரட்டும் பக்கங்கள் முதலில் கழன்று வரும். பக்கத்தின் தலையில் முதற்சொல்லும் கடைச்சொல்லும் தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியும் அளவுக்குத் தாள் மெலிந்திருந்தால், புள்ளி எது, பின்பக்க மை எது என்று தமிழ் எழுத்தில் குழப்பம் வரும். ல, ள, ழ தெளிவாகத் தெரியும் அளவில் எழுத்து இருக்கிறதா என்று, கண்ணாடி போட்டவர் கழற்றிவிட்டுப் பார்க்கலாம்.

அந்தப் பத்துச் சொல் தாளோடு போன நாளில், ஆங்கிலக் கற்போர் அகராதி ஒன்றும் தற்காலத் தமிழ் அகராதி ஒன்றும் வாங்கிவந்தோம். கற்போர் அகராதி பத்தில் நான்குக்குத்தான் பொறுப்பு, நான்கையும் தந்தது. தமிழ் அகராதி தன் பங்கான ஆறில் ஐந்தைத் தந்தது, செய்யுளில் வரும் 'மடி' மட்டும் இல்லை. 'நாற்றம்' இருந்தது, இன்றைய பொருளில். அதன் ஓரத்தில் மகள் பென்சிலால் 'குறளில்: மணம்' என்று எழுதிவைத்திருக்கிறாள். நிலப்படத் தொகுப்பை ஓர் ஆண்டு கழித்தும், சொற்களஞ்சியத்தை அதற்கும் பிறகும் வாங்கினோம். பழைய ஆங்கிலம்–தமிழ் அகராதியை எறியவில்லை. செடி, பறவை, மீன் பெயர்களுக்கு அது இன்னும் உதவுகிறது. இப்போது எல்லாம் படிக்கும் மேசையின் மேலேயே, உட்கார்ந்தபடி கை எட்டும் இடத்தில் நிற்கின்றன. முன்பு கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் இருந்தபோது, ஒரு சொல்லுக்காக எழுந்து போய்க் கதவைத் திறந்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.